ஐந்நூறு இலை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது எல்லோருக்கும் தெரியும். சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவனுக்குக் கோபம் இல்லையென்றால் வெங்காயம் அரிபவன்கூட மதிக்க மாட்டான். ஆனால் இந்தக் கதையில் நான் கோபப்பட வேண்டிய ஆள் நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை, அதனால்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், தை மாதம். சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டுக்கு ரேட்டு பேசப் போனேன். கூப்பிட்டவர் பாலுசாமி, மில்லில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். ஒடிசலான மனிதர், பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். மூத்த மகள் பிரவீனாவுக்குக் கோபியில் மாப்பிள்ளை வீட்டில் வெள்ளிக்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சி ரோட்டில் ஒரு மண்டபத்தில் பெண் வீட்டு ரிசப்ஷன். அதற்குத்தான் நான்.

"இலைக்கு என்னங்கண்ணா ரேட்டு?" என்றார்.

எங்கள் தொழிலில் ஆளைக் கணக்குப் பண்ணுவதில்லை, இலையைத்தான் கணக்குப் பண்ணுவோம். ஜாங்கிரி, சப்பாத்தி குருமா, வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, போண்டா, சாதம், ரசம், தயிர் சாதம், அப்பளம், ஊறுகாய். மளிகை, காய்கறி, ஆள் கூலி, பாத்திரம், கேஸ் எல்லாம் சேர்த்து இலைக்கு முப்பத்திரண்டு ரூபாய். இத்தனை இலை என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்குமேல் விழுந்தால் விழுகிற இலைக்கு அதே ரேட்டு. குறைந்தால் குறைந்தது அவர்கள் பாடு, உறுதி சொன்ன இலைக்குப் பணம் வந்தாக வேண்டும். சாமான் வாங்கியது வாங்கியதுதானே. இதைச் சொல்லித்தான் எழுதுவேன். மறைத்து எழுதும் பழக்கம் கிடையாது.

"முந்நூறு இலை போடுங்க. ஒம்பதாயிரத்து அறுநூறு ஆகுதுங்களா? எங்கிட்ட பி.எப். லோன் போட்டது பன்னெண்டாயிரம் இருக்குதுங்க" என்றார். பேரம் பேசத் தெரியாத மனிதர். கையிலிருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பத்திரிகை எத்தனை அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"இருநூத்தி அம்பதுங்க."

"அப்பறம் எப்படிங்க முந்நூறு இலை? ஒரு பத்திரிகைக்கு ரெண்டு இலை. அது எங்க கணக்குங்க. ஐந்நூறு விழும். பத்தலைன்னா எம்மேல சொல்லுவாங்க. பந்தியில உக்காந்தவங்களை எந்திரிக்கச் சொல்ல முடியுங்களா?"

அப்போது பிரவீனா காப்பி கொண்டுவந்தாள். கல்யாணக் களை நன்றாக ஏறியிருந்தது. அவள் பின்னால் தங்கை நந்திதா, பதினேழு வயது இருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐஸ்க்ரீம் உண்டுங்களா?" என்று அக்காவுக்காகத் தங்கை கேட்டாள். அக்கா அவள் கையில் கிள்ளினாள்.

ஐஸ்க்ரீம் தனி. கப் ஒன்று நாலு ரூபாய். முந்திரி கேக் மூன்று ரூபாய். பீடா ஒன்றரை ரூபாய். பெண் ஆசைப்படுகிறாள், ஒரே ஒரு நாள் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். பாலுசாமி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஐந்நூறு இலை பதினாறாயிரம். மேல் அயிட்டம் நாலாயிரத்து இருநூற்றைம்பது. ஆக மொத்தம் இருபதாயிரத்து இருநூற்றைம்பது. அட்வான்ஸ் பத்தாயிரம். கடைசிப் பந்தி முடிந்ததும் பாக்கி பத்தாயிரத்து இருநூற்றைம்பது.

தொகையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "பாக்கிக்கு என்னங்க பண்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"மொய் வருமல்லங்க. ஐந்நூறு பேர் சாப்பிட்டா இருநூத்தம்பது மொய்க் கவர். கவருக்கு அம்பத்தொண்ணு வெச்சாலே என்ற பாக்கி போக மிச்சம் நிக்கும்" என்றேன்.

அந்த ஐந்நூறு இலைக்குள் அவருடைய பி.எப். பணம், மொய், இன்னொரு பெண் இருக்கும் வீட்டின் கௌரவம் எல்லாம் அடங்கியிருந்தது. எனக்கு அது ஒரு நல்ல ஆர்டர்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த மேசைமேலேயே பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கவரின் மேல் விலாசம் எழுதி, தபால் ஸ்டாம்பு ஒட்டி, மூலையில் மஞ்சள் தடவி. சூலூர், பல்லடம், அன்னூர், பவானி, கோபி என்று ஊர் ஊராக. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பசை.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களைத் தபாலில் கூப்பிட்டால் வரமாட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போக வேண்டும். தபாலில் வருகிற பத்திரிகை தகவலுக்குத்தான். "கார்டு போட்டு முடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவு பெரிய மனுசங்களாயிட்டாங்களா" என்று பேச்சு வரும். பத்திரிகைக்கு ரெண்டு இலை என்பதெல்லாம் நேரில் வைத்த பத்திரிகைக்குத்தான். தபால் பத்திரிகைக்கு நாலுக்கு ஒரு இலை விழுந்தால் பெரிது. இருபது வருஷமாக இலை எண்ணுகிறவன் நான், எனக்கு இது தெரியாமலா?

"எல்லாம் தபால்லயே அனுப்பறீங்களா?" என்று கேட்கக்கூடச் செய்தேன்.

"என்ற சம்சாரம் தவறி நாலு வருசமாச்சுங்க. மஞ்சக்காமாலை. சோடியாப் போயிக் குங்குமம் குடுத்துக் கூப்பிடோணும். நான் ஒத்தையாளா அடுத்தவங்க வாசப்படி ஏறி நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா நல்லா இருக்குங்களா? பொண்ணுக்கு ஆகாதுன்னு பயந்துட்டு நான் எங்கயுமே போகலீங்க. மில்லுல இருக்கறவங்களுக்கு மட்டும் ஷிப்ட் விடறப்ப கையில குடுத்தேன்."

அண்ணனும் அண்ணியுமாகப் போகலாம், அக்காளும் மாமனுமாகப் போகலாம். அப்படி எத்தனையோ வீட்டில் செய்கிறார்கள். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. "ஏனுங்க, உங்க பங்காளி வீட்டுல யாராச்சும் சோடியை அனுப்பி நேர்ல சொல்லச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அல்லது "அப்படீன்னா முந்நூறே போதுமுங்க" என்று சொல்லியிருக்கலாம். ரெண்டில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அந்த மாதம் எனக்கு மளிகைக் கடையில் பாக்கி ஏறிக் கிடந்தது. ஐந்நூறு இலை என்ற ஆர்டரை வாயைத் திறந்து முந்நூறாக்கிக்கொள்ள மனசு வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, நூறு ரூபாய்க் கட்டை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிசப்ஷன் அன்று நாலு மணிக்கே அடுப்பு பற்ற வைத்தோம். ஆறு மணிக்கு மைக் செட்காரன் பாட்டுப் போட்டான். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். பிரவீனா அரக்குப் பட்டில் இருந்தாள். கோபியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் முப்பத்தெட்டு பேர் வந்திறங்கினார்கள். மில் ஆட்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வர ஆரம்பித்தார்கள். ஷிப்டில் கையில் பத்திரிகை வாங்கியவர்கள் ஒருவர்கூடத் தவறவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவ்வளவுதான். ஏழு மணி ஆயிற்று, ஏழேகால் ஆயிற்று, பிறகு வாசலில் புதிதாக ஒரு தலையும் தெரியவில்லை.

பாலுசாமி வாசலிலேயே நின்றார். பன்னீர்ச் சொம்பு அவர் கையில். சூலூர் பஸ் நிற்கும்போதெல்லாம் ரெண்டு அடி முன்னால் போவார். பஸ் கிளம்பியதும் பின்னால் வந்து நிற்பார். நான் சமையற்கட்டு ஜன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பிடிக்காமல் போண்டா போடுகிறவனைச் சும்மா திட்டினேன். பிறகு, "சாதம் இனி வடிக்காதே, காய் வதக்கினது போதும், மிச்ச அரிசி மூட்டையைப் பிரிக்காதே" என்று சொன்னேன். தொழில் புத்தி எந்த நேரத்திலும் வேலை செய்யும், அதற்கு வெட்கம் கிடையாது.

ஏழரைக்கு முதல் பந்தியில் ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் அவசரப்பட்டவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட, எட்டேகாலுக்கு அடுத்த பந்தி. நூறு இலை போட்டிருந்தோம். உட்கார்ந்தது அறுபத்திரண்டு பேர். வரிசையின் நடுவே பல்லுப் போன மாதிரி வெற்று இலைகள். நந்திதா ஒரு ஜக்கை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிப் போனாள். ஆளில்லாத இலைக்கு முன்னாலும் பழக்கதோஷத்தில் டம்ளரில் ஊற்றினாள், பிறகு நின்றுவிட்டாள்.

அப்போதுதான் வீடியோக்காரர் பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தார். பாலுசாமி வேகமாக என்னிடம் வந்தார். என் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்காதீங்க. உங்க ஆளுகளைக் கொஞ்ச நேரம் இலையில உக்காரச் சொல்றீங்களா? வீடியோ எடுத்து முடிக்கற வரைக்கும் மட்டுமுங்க. பின்னால புள்ளை போட்டுப் பார்ப்பா. அவளுக்கு வெத்து இலை தெரிய வேண்டாமுங்க."

நான் அன்றைக்கு யார்மேலும் கத்தவில்லை. பரிமாறுகிற ஆட்களில் பதினாலு பேரை ஏப்ரனைக் கழற்றச் சொல்லி உட்கார வைத்தேன். மீதி ஆறு பேர் ஆளில்லாத மற்ற இலைகளை எடுத்துவிட்டுப் பரிமாறினார்கள். என்னையும் ஒரு இலைக்கு முன்னால் கையைப் பிடித்து உட்கார வைத்தார் பாலுசாமி. "சாப்பிடுங்கண்ணா, நல்லாச் சாப்பிடுங்க" என்று உபசரித்தார். வந்த விருந்தாளியை உபசரிக்கிற மாதிரியே. வெளிச்சம் எங்கள் முகத்தில் அடித்தது. நான் சமைத்த ஜாங்கிரியை இலையிலேயே பிய்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் நின்ற பிரவீனா எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சொந்தக்காரன், யார் சமையல்காரன் என்று அவளுக்கா தெரியாது? ஆனாலும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பதரைக்கு இலை எண்ணினோம். கொண்டுவந்த கட்டில் மிச்சமிருந்த இலையைக் கழித்தால் விழுந்த இலை நூற்று அறுபத்தொன்று. அதில் எங்களுடையது பதினைந்து. வந்து சாப்பிட்டவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர்.

பாலுசாமி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் மொய்க் கவர்களைக் கொட்டினார். ஐம்பத்தேழு கவர். ஒவ்வொன்றாகப் பிரித்து அவரே எண்ணினார். மில் ஆட்கள் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று கைக்கு மீறி வைத்திருந்தார்கள். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம்.

"நாலாயிரம் வெச்சுக்குங்க. ஆறாயிரத்து இருநூத்தம்பது நிக்குதுங்க. ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார்.  சரி என்றேன். மீந்த சாப்பாட்டைப் பக்கத்தில் இருந்த அனாதை ஆசிரமத்துக்கு அனுப்பினோம். பிரிக்காத ஐஸ்க்ரீம் பெட்டிகளை ஏஜென்ட் திருப்பி எடுத்துக்கொண்டார், அது முந்நூற்று நாற்பது கப். அரிசி மூட்டை என் வேனில் திரும்ப ஏறியது.

சொன்ன மாதிரியே அடுத்த ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தார். மில் சொசைட்டியில் லோன் போட்டதாகவும், மாசம் முந்நூறு பிடிப்பார்கள் என்றும் தானாகவே சொன்னார். பணத்தை மேசைமேல் வைத்தார். ஆறாயிரத்து இருநூற்றைம்பது.

அந்த ஒரு வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அதனால் ஒரு தீர்மானத்தோடு இருந்தேன். "இதுல மூவாயிரத்தை நீங்க வெச்சுக்குங்க. ஐஸ்க்ரீம் திரும்பிப் போனதுலயே ஆயிரத்து முந்நூத்தி அறுவது எனக்கு மிச்சம். அரிசியும் மிச்சம். நானும் கொஞ்சம் விட்டுக் குடுக்கறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. பேசுனது பேசுனதுதானுங்க" என்றார். பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"அண்ணா, நீங்க எத்தனையோ கல்யாணம் பாத்திருப்பீங்க. எங்க சனம் ஏனுங்க வரலை? என்ற கூடப் பொறந்தவகூட வரலீங்க. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை. சின்னவ தெனமும் அழுகறாளுங்க. 'நம்மளை யாருக்குமே புடிக்காதாப்பா, அம்மா போனதும் எல்லாரும் உட்டுட்டாங்களா'ன்னு கேக்கறா. எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்கறா. நான் என்னன்னு பதில் சொல்றது?"

நான் சொன்னேன். "தபால்ல கூப்பிட்டீங்க. அதானுங்க. உங்களுக்குப் பதிலா உங்க அக்காளையும் மாமனையும் நேர்ல அனுப்பிச் சொல்லியிருந்தா மண்டபம் கொள்ளாதுங்க. அவங்களும் நம்மளைக் கூப்பிடலையேன்னு உங்களை நினைச்சு வீட்டுல வருத்தப்பட்டுட்டுத்தான் இருப்பாங்க. யாருக்கும் உங்களைப் புடிக்காம இல்லீங்க."

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் வந்தது. நிஜமான சந்தோஷம்.

"அவ்வளவுதானுங்களா? வேற ஒண்ணுமில்லீங்களா? ஐயோ, வேற சோடியை அனுப்பலாமுங்கற மொறை எனக்குத் தெரியாதுங்க, என்ற சம்சாரம் இருந்தவரைக்கும் எல்லாம் அவதான் பாத்துக்குவா. நான் பொண்ணுக்கு ஆகாதுன்னு நினைச்சேன். அட, இதைப் போயி சின்னவகிட்டச் சொன்னாப் போதுமே, சிரிச்சுருவா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

அந்த வார்த்தையை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கும்பிட்டு அனுப்பியிருந்தால் அவர் என்னை நல்லவன் என்றே கடைசிவரை நினைத்திருப்பார். என்னால் முடியவில்லை. அவர் கண்ணில் எனக்கு அந்த இடம் கிடைப்பது திருட்டு மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். "அன்னைக்கு உங்க மேசையில ஸ்டாம்பு ஒட்டுன கவரைப் பாத்தேன். பாத்ததுமே தெரியும், ஐந்நூறுல பாதிகூட விழாதுன்னு. ஆர்டர் போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டேன். என்னை மன்னிச்சுருங்க."

 அவர் பார்வை என் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் பழையபடி சட்டைப் பொத்தானுக்கு வந்து நின்றது. நாலு திட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உள்ளே என் சம்சாரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் தனியாக எடுத்து நீட்டிய மூவாயிரத்தை அவர் ஒரு விரலால் தள்ளி, மற்ற நோட்டுகளோடு சேர்த்து வைத்தார்.

"ரசீது குடுத்தீங்கன்னா நான் கிளம்பறேனுங்க" என்றார்.

புத்தகத்தை எடுத்தேன்.  தேதி எழுதினேன், அவர் பெயர் எழுதினேன். அடுத்த வரியில் பேனாவை நிறுத்தினேன்.

"எத்தனை இலைன்னு எழுதட்டுங்க?" என்று கேட்டேன்.

"ஐந்நூறுன்னே எழுதுங்க" என்றார் பாலுசாமி, அதே மரியாதையோடு. "அதானுங்களே நீங்க போட்ட கணக்கு."